திரள் தொகையும் சதவீதமும் பொருந்தாதபோது: விற்பனைத் தாளில் பிழை தேடும் வழி

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமையில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே விடயத்தைப் பற்றியவை. கோயில் வீதியில் கடை போட்டவர்கள் 25 நாள் விற்பனையையும் எக்செலில் ஏற்றி வைத்திருப்பார்கள். பக்கத்தில் இரண்டு நிரல்கள் சேர்ப்பார்கள். ஒன்று, அன்றுவரை சேர்ந்த மொத்தம். மற்றையது, முழு விற்பனையில் அந்த நாளின் பங்கு. அடுத்த வருடம் எந்த நாளுக்கு எவ்வளவு சரக்கு இறக்குவது என்பதை இந்த இரண்டு நிரல்களையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதனால் இவை பிழையாக இருந்தால் நட்டம் கணினியோடு நிற்காது, பனங்கட்டியாகவும் ஒடியல் மாவாகவும் கடையில் தேங்கி நிற்கும்.

முதல் நிரலைத் திரள் தொகை என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் திரள் மீடிறன் அட்டவணை போட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கீழே எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே அட்டவணையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறு கடையின் கடைசி ஏழு திருவிழா நாட்கள் இவை.

| நிரை | B: நாள் | C: விற்பனை (ரூபா) | D: திரள் தொகை | E: சதவீதம் |
|---|---|---|---|---|
| 2 | 19ஆம் திருவிழா | 42,000 | 42,000 | 10.50% |
| 3 | 20ஆம் திருவிழா | 38,500 | 80,500 | 9.63% |
| 4 | 21ஆம் திருவிழா | 45,500 | 126,000 | 11.38% |
| 5 | 22ஆம் திருவிழா | 51,000 | 177,000 | 12.75% |
| 6 | சப்பறம் | 68,000 | 245,000 | 17.00% |
| 7 | தேர் | 105,000 | 350,000 | 26.25% |
| 8 | தீர்த்தம் | 50,000 | 400,000 | 12.50% |
| 9 | மொத்தம் | 400,000 | | |

முதலாம் நிரை தலைப்பு. C9 கலத்தில் மொத்தம், D2 கலத்தில் திரள் தொகை, E2 கலத்தில் சதவீதம். மூன்றுக்கும் சரியான சூத்திரங்கள் முறையே இவை. D2, E2 இரண்டையும் எட்டாம் நிரைவரை கீழே இழுத்துவிட வேண்டும்.

```
=SUM(C2:C8)
=SUM($C$2:C2)
=C2/$C$9
```

கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும். மெனுக்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

## அறிகுறி 1: திரள் தொகை நிரலில் ஏறுமுகமே இல்லை

கீழே போகப் போகத் திரள் தொகை கூடிக்கொண்டே போக வேண்டும். விற்பனை இல்லாத நாளில் அதே இடத்தில் நிற்கலாம், இறங்கக் கூடாது. கூடவில்லை என்றால் பெரும்பாலும் டொலர் குறி இடம் மாறியிருக்கும். எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தே எங்கே மாறியது என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு நிரையிலும் அன்றைய விற்பனையே திரும்பத் தெரிகிறது. டொலர் குறி ஒன்றுகூட இல்லை. `=SUM(C2:C2)` என்று எழுதி இழுத்திருக்கிறீர்கள். அடுத்த நிரையில் அது `=SUM(C3:C3)` ஆகிவிடும். தொடக்கமும் சேர்ந்து நகர்ந்துவிட்டது.

எல்லா நிரையிலும் 42,000. இரண்டு பக்கமும் டொலர் குறி விழுந்திருக்கிறது. `$C$2:$C$2` எங்கே இழுத்தாலும் முதல் நாளையே காட்டும்.

எல்லா நிரையிலும் 400,000. `$C$2:$C$8` என்று முழு நிரலையும் பூட்டிவிட்டீர்கள்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். தொடக்கம் மட்டும் பூட்டியிருக்க வேண்டும், முடிவு நகர வேண்டும். D2 கலத்தில் இரண்டு தரம் சொடுக்கி, டொலர் குறி எதுவும் இல்லாமல் `=SUM(C2:C2)` என்று ஆக்கி, முதலாவது C2-இன் மேல் சுட்டியை வைத்து F4 விசையை ஒருமுறை அழுத்துங்கள். `$C$2` ஆகும். மடிக்கணினிகள் பலவற்றில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். பின்னர் D2-ஐ மறுபடியும் கீழே இழுங்கள். திருத்திய முதல் கலத்தை இழுக்க மறந்துவிட்டு, திருத்தியும் சரிவரவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம்.

முதல் நிரையில் #VALUE!, அதைத் தொடர்ந்து கீழே எல்லாம் #VALUE!. நேற்றைய திரள் தொகையோடு இன்றைய விற்பனையைக் கூட்டும் முறையில், D2 கலத்தில் `=D1+C2` என்று எழுதியிருக்கிறீர்கள். D1 தலைப்பு. எழுத்தையும் எண்ணையும் கூட்டல் குறியால் கூட்ட முடியாது. SUM சார்புக்குக் கொடுத்தால் அது தலைப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்:

```
=SUM(D1,C2)
```

## அறிகுறி 2: சதவீத நிரலில் #DIV/0! வரிசையாக

முதல் நிரையில் 10.50% சரியாக வருகிறது, அடுத்த நிரையிலிருந்து #DIV/0!. E2 கலத்தில் `=C2/C9` என்று இருக்கும். ஒரு நிரை கீழே இழுத்ததும் C10-ஆல் வகுக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை, வெற்றுக் கலம் பூச்சியத்துக்குச் சமம். `$C$9` என்று பூட்டி மறுபடி இழுங்கள்.

முதல் நிரையிலேயே #DIV/0! வந்தால் C9 பூச்சியமாக இருக்கிறது. மொத்தம் இன்னும் போடப்படவில்லை, அல்லது விற்பனை நிரல் முழுவதுமே எழுத்தாகக் கிடக்கிறது. இரண்டாவது என்றால் நான்காம் அறிகுறிக்குப் போங்கள்.

சதவீதம் 0.105 என்றோ வெறும் 0 என்றோ தெரிந்தால் கணக்கில் பிழையில்லை, கலத்தின் தோற்றத்தை மாற்றினால் போதும். Home பகுதியில் உள்ள % பொத்தானை அழுத்துங்கள். 1050% என்று தெரிந்தால் சூத்திரத்தில் `*100` இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள், நூறால் பெருக்கும் வேலையை % தோற்றமே செய்கிறது.

## அறிகுறி 3: சதவீதங்கள் எல்லாம் பாதியாகத் தெரிகின்றன

தேர் நாளின் பங்கு 26.25% இருக்க வேண்டிய இடத்தில் 13.13% நிற்கிறது. 19ஆம் திருவிழாவுக்கு 5.25%. எல்லாம் சரியாகப் பாதி. மொத்தத்தை C9-இலிருந்து எடுக்காமல் சூத்திரத்துக்குள்ளேயே கூட்டியவர்களுக்கு இது நடக்கும்:

```
=C2/SUM($C$2:$C$9)
```

ஒன்பதாம் நிரையில் மொத்தமும் இருக்கிறது. ஏழு நாள் 400,000, அதன்மேல் மொத்தம் 400,000, ஆக 800,000-ஆல் வகுக்கிறது. `SUM(C:C)` என்று நிரல் முழுவதையும் கொடுத்தாலும் இதே கதைதான்.

இந்தப் பிழை பிடிபடாமல் வருடக்கணக்கில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். மொத்த நிரையிலும் இதே சூத்திரத்தை இழுத்துவிட்டால் அங்கே 50% வரும். மேலே ஏழு நாளும் சேர்ந்து 50%, கீழே 50%, ஆக எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பவருக்கு 100% வந்துவிடும். சரிபார்த்தாயிற்று என்று எழுந்து போய்விடுவார். கூட்டிப் பார்க்கும்போது நாட்களை மட்டும் தெரிவு செய்யுங்கள், E2 முதல் E8 வரை. தெரிவு செய்ததும் சாளரத்தின் அடிப்பட்டையில் Sum என்று கூட்டுத்தொகை தெரியும்.

## அறிகுறி 4: மொத்தம் கொப்பிக் கணக்கோடு பொருந்தவில்லை, தாளில் பிழை எதுவும் தெரியவில்லை

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். இங்கே எக்செல் எந்த எச்சரிக்கையையும் உரத்துச் சொல்லாது.

ஒரு வருடம் கடைக்கார அக்கா ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். “தம்பி, கொப்பியில் நாலு இலட்சம் வருகிறது. கணினியில் இரண்டு இலட்சத்துத் தொண்ணூற்றையாயிரம்தான் காட்டுகிறது. ஓர் இலட்சத்து ஐயாயிரம் எங்கே போனது?” அவர் குரலில் இருந்த தயக்கம் எனக்கு விளங்கியது. தேர் நாளன்று பணப்பெட்டியில் இருந்தவன் அவருடைய சகோதரியின் மகன். அவனிடம் கேட்பதா விடுவதா என்று அவர் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் போய்த் தாளைத் திறந்தேன். மேலே தந்த அட்டவணையேதான், எண்களும் அவையே. தேர் நிரையில் 105,000 என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் திரள் தொகை சப்பறத்தன்று 245,000, தேரன்றும் 245,000, தீர்த்தத்தன்று 295,000. வருடத்திலேயே அதிகம் விற்ற நாளில் திரள் தொகை ஒரு ரூபாகூட ஏறவில்லை. அந்தக் கலம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகக் கிடந்தது. SUM எழுத்தைக் கூட்டாது, பிழையும் சொல்லாது, பேசாமல் தாண்டிப் போகும்.

சதவீத நிரல் அதைவிட ஏமாற்றியது. வகுத்தல் குறி SUM போல நடந்துகொள்வதில்லை. எழுத்தாகக் கிடந்தாலும் எண் போலத் தெரிந்தால் அதை எண்ணாக மாற்றி வகுத்துவிடும். ஆகவே தேர் நாளுக்கு 105,000-ஐ 295,000-ஆல் வகுத்து 35.59% காட்டியது. தேர் நாள் என்றால் அவ்வளவு இருக்கும்தானே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மொத்த நிரையில் 100% என்றிருந்தது. அந்தக் கலத்துக்குள் பார்த்தால் `=C9/$C$9`. மொத்தத்தை மொத்தத்தாலேயே வகுத்தால் எப்போதும் 100% வரும். மேலே எத்தனை பிழை இருந்தாலும் வரும். அதை அழித்துவிட்டு, நாட்களின் சதவீதங்களைக் கூட்டும் சூத்திரத்தை இட்டேன்:

```
=SUM(E2:E8)
```

135.59% என்று வந்தது. அக்கா திரையை நெருங்கி வந்து அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு உள்ளே திரும்பி, “தம்பிக்கும் ஒரு தேத்தண்ணீர் போடுங்கள்” என்றார். பையனைப் பற்றி அதற்குப் பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உங்கள் தாளில் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு வெற்றுக் கலத்தில் இதை இடுங்கள்:

```
=COUNTA(C2:C8)-COUNT(C2:C8)
```

COUNTA நிரம்பிய கலங்கள் எல்லாவற்றையும் எண்ணும், COUNT எண்கள் உள்ள கலங்களை மட்டும் எண்ணும். விடை 0 என்றால் எல்லாம் எண்கள். 1 என்றால் ஒரு கலம் எழுத்தாக இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, பக்கத்தில் வெறுமையாக உள்ள நிரலில் `=ISNUMBER(C2)` என்று இட்டு இழுங்கள். FALSE வரும் இடமே அது. கலத்தின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் இருந்தால் அதுவும் ஓர் அடையாளம். எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒதுங்கி நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் நம் ஆட்கள் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிடுவதால் அந்த அடையாளம் மறைந்துபோகிறது.

D8, C9 இரண்டும் சமமா என்று பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பிழைக்கு அது உதவாது. இரண்டும் SUM, இரண்டும் ஒரே கலத்தைத் தாண்டிப் போகும், இரண்டும் 295,000 என்று ஒற்றுமையாக நிற்கும். நேற்றையதோடு இன்றையதைக் `=D6+C7` என்று கூட்டும் முறையில் மட்டும் வேற்றுமை தெரியும். அங்கே கூட்டல் குறி எழுத்தை எண்ணாக மாற்றிச் சேர்த்துக்கொள்வதால் D8 400,000 ஆகும், C9 295,000-இல் நிற்கும்.

எழுத்தாகிப்போன காரணத்தைச் சுலபமானதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

கலத்தின் வகை Text. அக்காவின் தாளில் இதுதான். போன வருடம் அந்தக் கலத்தில் ஏதோ குறிப்பு எழுதியிருந்தார்கள், வகை அப்படியே இருந்துவிட்டது. Home பகுதியில் வகையை General என்று மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே கிடப்பது இன்னும் எழுத்துத்தான். கலத்தில் F2 அழுத்தி Enter அழுத்தினால் எண்ணாகும். பல கலங்கள் என்றால் நிரலைத் தெரிவு செய்து, Data பகுதியில் Text to Columns திறந்து, வேறொன்றும் தொடாமல் Finish அழுத்துங்கள்.

எண்ணோடு வேறு எழுத்து ஒட்டியிருக்கிறது. பற்றுச்சீட்டு எழுதிப் பழகிய கை 105,000/- என்று எழுதிவிடும். பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில O எழுத்து விழுவதும் உண்டு. இவற்றில் சதவீதக் கலம் #VALUE! காட்டும், அதனால் விரைவில் பிடிபடும். Ctrl+H அழுத்தி, `/-` என்பதைத் தேடி, மாற்ற வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, Replace All கொடுங்கள். அதற்கு முன் C நிரலை மட்டும் தெரிவு செய்துகொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வேறு மென்பொருளிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டிய எண்களில் வரும். `=LEN(C7)` இட்டுப் பாருங்கள். கலத்தில் 105000 என்று தெரிந்தால் 6 வர வேண்டும், 105,000 என்று தெரிந்தால் 7, ஏனென்றால் எழுத்தாகக் கிடக்கும் கலத்தில் காற்புள்ளியும் கணக்கில் சேரும். அதைவிடக் கூட வந்தால் ஏதோ ஒளிந்திருக்கிறது. ஒரு வெற்று நிரலில் இதை இட்டுச் சுத்தம் செய்து, விடைகளை Paste Special வழியே Values ஆக C நிரலில் திரும்ப ஒட்டுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(C7,CHAR(160),""))
```

இதற்குப் பிறகும் #VALUE! வந்தால், அல்லது ஒவ்வொரு மாதமும் பட்டியல் இயந்திரத்திலிருந்து எடுக்கும் கோப்பு முழுவதும் இப்படியே வந்தால், கையால் சுத்தம் செய்துகொண்டிருக்க வேண்டாம். இயந்திரத்தை விற்றவரை அழைத்து, கோப்பை ஏற்றுமதி செய்யும் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். அது அவர்களுடைய பொறுப்பு.

## அறிகுறி 5: நடுவில் ஒரு நாளைச் சேர்த்ததும் கணக்குக் குழம்பிவிட்டது

ஒரு நாள் விடுபட்டதை நினைத்து நடுவில் ஒரு நிரையை நுழைக்கிறீர்கள். இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எந்தச் சூத்திரத்தை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நேற்றையதோடு இன்றையதைக் கூட்டும் சங்கிலி முறை என்றால், புதிய நிரைக்குக் கீழே இருப்பது இன்னும் பழைய நிரையையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிய நாளின் விற்பனை சங்கிலியில் சேராது, பிழையும் தெரியாது. ஒரு நிரையை நீக்கினால் மட்டும் #REF! என்று அலறும். இரண்டுக்கும், சரியாக உள்ள ஒரு மேல் கலத்திலிருந்து கடைசிவரை மீண்டும் இழுத்துவிட வேண்டும்.

`=SUM($C$2:C2)` முறை இதில் உறுதியானது. நடுவில் நுழைத்தால் கீழே உள்ளவை புதிய நாளையும் சேர்த்துக்கொள்ளும். நுழைத்த நிரையின் D, E கலங்களை மட்டும் நிரப்பினால் போதும். ஆனால் இரண்டு ஓரங்களில் இதுவும் தவறும். தலைப்புக்குக் கீழே, முதல் நாளுக்கு மேலே நுழைத்தால், பூட்டிய `$C$2` என்பது `$C$3` ஆக இறங்கிவிடும், புதிய முதல் நாள் வெளியே நிற்கும். அதைத் தவிர்க்க நான் தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன்:

```
=SUM($C$1:C2)
```

தலைப்பு எழுத்து என்பதால் கூட்டப்படாது. தலைப்பில் 2024 என்று வெறும் எண்ணை எழுதியிருந்தால் அதையும் 2,024 ரூபாவாகக் கூட்டிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மற்ற ஓரம் கடைசி நாளுக்கும் மொத்தத்துக்கும் இடையே. அங்கே நுழைத்த நிரையைச் சேர்த்து மொத்தத்தின் சூத்திரத்தை எக்செல் சிலவேளை தானாக நீட்டும், சிலவேளை நீட்டாது. நம்பியிருக்காமல் மொத்தத்தைச் சொடுக்கி, வண்ணப் பெட்டி கடைசி நாளையும் சூழ்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தாளை Ctrl+T அழுத்தி அட்டவணையாக்கி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. அடியில் புதிய நாளை எழுதியதும், அதற்கு முந்திய நாளின் திரள் தொகை தானாக ஒரு நிரை நீண்டு, இரண்டு நாட்களும் ஒரே எண்ணைக் காட்டத் தொடங்கும். அட்டவணையில் கல முகவரிகளை விட்டுவிட்டு நிரலின் பெயரால் எழுதுங்கள். நிரலின் பெயர் Sales என்றால்:

```
=SUM(INDEX([Sales],1):[@Sales])
```

## அறிகுறி 6: சதவீதங்களைக் கையால் கூட்டினால் 100.1 வருகிறது

மேலே உள்ள அட்டவணையை ஒரு தசமதானத்தில் காட்டினால் 10.5, 9.6, 11.4, 12.8, 17.0, 26.3, 12.5. கல்குலேட்டரில் கூட்டினால் 100.1. தசமமே இல்லாமல் காட்டினால் 101. இது பிழையன்று. கலத்துக்குள் எல்லாத் தசமங்களோடும் எண் இருக்கிறது, திரையில் தெரிவது மட்டம் தட்டிய உருவம். E நிரலை SUM-ஆல் கூட்டினால் 100% வரும்.

இதைச் சரிசெய்யவென்று ROUND போடாதீர்கள். போட்டால் 100.1% உண்மையாகவே கலத்துக்குள் வந்துவிடும். அச்சிட்ட தாளை யாருக்காவது கொடுப்பதென்றால் இரண்டு தசமதானம் காட்டி, அடியில் ‘மட்டம் தட்டியதால் சிறு வேறுபாடு வரலாம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாளின் எண்ணைக் கையால் குறைத்து 100 ஆக்குவதை மட்டும் செய்ய வேண்டாம். அடுத்த மாதம் அந்தக் கலத்தில் சூத்திரம் இருக்காது, அது யாருக்கும் நினைவும் இருக்காது.

## அறிகுறி 7: விற்பனையை மாற்றினாலும் பக்கத்து எண்கள் அசையவில்லை

முதலில் F9 அழுத்துங்கள். எண்கள் மாறினால் கணக்கிடும் முறை Manual ஆக இருக்கிறது. Formulas பகுதியில் Calculation Options திறந்து Automatic தெரிவு செய்யுங்கள். நீங்கள் தொடாமலே இது மாறியிருக்கலாம். எக்செல் தான் முதலில் திறக்கும் கோப்பில் உள்ள முறையையே அதன்பின் திறப்பவற்றுக்கும் எடுத்துக்கொள்கிறது. யாரோ அனுப்பிய கோப்பைக் காலையில் முதலில் திறந்திருந்தால் அதிலிருந்து தொற்றியிருக்கும்.

F9-க்கும் அசையவில்லை என்றால் கலத்தைச் சொடுக்கி மேற்பட்டையைப் பாருங்கள். அங்கே சூத்திரம் இல்லாமல் வெறும் எண் இருந்தால், யாரோ விடையை மேலே தட்டிவிட்டார்கள். பக்கத்துக் கலத்திலிருந்து இழுத்துவிடுங்கள். கலத்தில் விடைக்குப் பதில் `=SUM(` என்று சூத்திரமே தெரிந்தால் கலத்தின் வகை Text, மேலே சொன்ன F2 மருந்து இதற்கும் பொருந்தும். தாள் முழுவதும் சூத்திரமாகத் தெரிந்தால் Ctrl விசையோடு ` விசை தவறுதலாக அழுந்தியிருக்கிறது, மறுபடி அழுத்தினால் போய்விடும்.

## அறிகுறி 8: வடிகட்டியதும் திரள் தொகை நடுவிலிருந்து தொடங்குகிறது

SUM மறைந்த நிரைகளையும் கூட்டும். தெரியும் நிரைகளை மட்டும் கூட்ட வேண்டுமானால்:

```
=SUBTOTAL(109,$C$2:C2)
```

சதவீதமும் தெரியும் நாட்களுக்குள் மட்டும் வேண்டுமென்றால் C9-இலும் `=SUBTOTAL(109,C2:C8)` இடுங்கள். ஒன்றில் SUM, மற்றதில் SUBTOTAL என்று கலந்து வைக்காதீர்கள்.

## எப்போது ஆளை அழைப்பது

தாள் திறக்கவும் ஒரு எண்ணை மாற்றவும் நெடுநேரம் எடுக்கிறது என்றால் நிரைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். `=SUM($C$2:C2)` ஒவ்வொரு நிரையிலும் முதலிலிருந்து கூட்டுகிறது. பத்தாயிரம் நிரைக்கு ஏறத்தாழ ஐந்து கோடிக் கலங்களைத் தொட வேண்டும். அங்கே `=SUM(D1,C2)` என்ற சங்கிலி முறைக்கு மாறினால் நிரைக்கு ஒரு கூட்டல்தான், தாள் உடனே இலகுவாகும். நடுவில் நுழைக்கும்போது மட்டும் ஐந்தாம் அறிகுறியை நினைவில் வையுங்கள். மாறிய பிறகும் மெதுவாக இருந்தால், அல்லது ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு நிரையாகப் போட்டு இலட்சத்தை நெருங்கிவிட்டீர்கள் என்றால், தரவுத்தளம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

எழுத்தாகக் கிடந்த கலங்கள் எல்லாவற்றையும் திருத்தி, COUNTA சோதனை 0 காட்டி, நாட்களின் சதவீதம் 100% ஆகி, அதற்குப் பிறகும் கொப்பியோடு பொருந்தவில்லை என்றால் இனித் தாளில் தேட வேண்டாம். நாளுக்கு நாள் கொப்பியையும் C நிரலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறித் தட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 38,500-ஐ 35,800 என்று தட்டினால் வேறுபாடு 2,700, அது 9-இன் 300 மடங்கு.

அந்தத் தாள் வங்கிக் கடனுக்கோ வரிக்கோ போகப்போகிறது என்றால், பொருந்தாத ஒரு ரூபாவையும் நீங்களே திருத்தாமல் கொப்பியோடும் கோப்போடும் கணக்காளரிடம் போங்கள். திருத்துவதற்கு முன் கோப்பில் ஒரு படியெடுத்து, அன்றைய திகதியைப் பெயராக வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கியது என்று அவர் கேட்கும்போது காட்ட அதுதான் இருக்கும்.